ஐயாயிரம் ரூபாய் பில், ஐந்து லட்சமான கதை!

கரியாலூரில் என் சித்தப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். சரக்கெல்லாம் கள்ளக்குறிச்சி மொத்தக் கடைகளிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலையேறி வரும். கூடவே வரும் பில் தமிழில் அச்சானது. ஆனால் ஆடிட்டர் கேட்பதோ டேலியில் ஆங்கிலக் கணக்கு. மாதக் கடைசியில் பில் கட்டோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்த சித்தப்பா, போன லீவில் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீ கம்ப்யூட்டர்லதானே வேலை பாக்குற, இதுக்கு ஒரு வழி சொல்லேன்!"

படத்தில் இருக்கும் எழுத்தைப் படித்து டைப் செய்ததுபோலத் தரும் டெசராக்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. தமிழும் படிக்கும், இன்டர்நெட்டும் தேவையில்லை. மலையில் சிக்னல் எந்த லட்சணத்தில் இருக்கும் என்பது போனவர்களுக்குத் தெரியும். பில்லை 300 டி.பி.ஐ அளவில் ஸ்கேன் செய்து, இப்படி ஒரு வரி தட்டினால் போதும்.

```
tesseract bill.png out -l tam+eng --psm 6
```

tam+eng என்பது முக்கியம். தமிழ் மட்டும் கொடுத்தால், பில்லில் இருக்கும் ஆங்கில எழுத்துகளையும் ஏதோ ஒரு தமிழ் எழுத்தாகவே படித்து வைக்கும்.

முதல் பில்லிலேயே 'மிளகாய்', 'மிளகரய்' ஆகியிருந்தது. அச்சில் துணைக்காலும் 'ர'வும் கிட்டத்தட்ட ஒரே உருவம் என்பதால் இந்தக் குழப்பம். புள்ளி இன்னொரு தலைவலி. டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் எழுத்தே புள்ளிகளால் ஆனது. மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போய் 'பருப்பு', 'பருபபு' ஆகும். அதனால் வந்ததை அப்படியே நம்பாமல், கடையில் விற்கும் பொருட்களின் பட்டியலைத் தமிழ்ப் பெயர், டேலிப் பெயர் என எதிரெதிரே எழுதி, அதில் எதற்கு நெருக்கம் என்று பார்க்க வைத்தேன். இதிலும் ஓர் ஆபத்து உண்டு. நாலு எழுத்து சிதைந்தால் மிளகாய்க்குப் பக்கத்தில் மிளகும் வந்து நிற்கும். இரண்டுக்கும் விலை எங்கே, எங்கே!

பெயரைவிட எண்களைச் சோதிப்பது சுலபம் என்றுதான் நினைத்தோம். கடலை எண்ணெய் 2 டின், டின் 2,640.00 ரூபாய், ஆக 5,280.00. இதற்கு சி.ஜி.எஸ்.டி 2.5 சதவிகிதம் 132.00, எஸ்.ஜி.எஸ்.டி அதே 132.00. மொத்தம் 5,544.00. மென்பொருள் 2,640-ஐ 2,840 என்று படித்தால், பெருக்கிப் பார்த்ததும் 5,680 வந்து குட்டு உடைந்துவிடும். 3, 6, 8 மூன்றும் மங்கிய மையில் ஒன்றுபோலத்தான் தெரியும் என்பதால் இந்தப் பெருக்கல் கட்டாயம்.

ஆனால் ஒரு பில்லில் பைசாவுக்கு முன்னால் இருக்கும் புள்ளி எல்லா வரியிலுமே விழுந்துவிட்டது. டின் 2,64,000. இரண்டு டின் 5,28,000. வரி 13,200, இன்னொரு 13,200. மொத்தம் 5,54,400. பெருக்கல், கூட்டல், வரி சதவிகிதம் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின! எல்லாமே நூறு மடங்கானால் கணக்கு எப்படித் தப்பும்? பில்லின் அடியில் இருந்த 'ஐயாயிரத்து ஐநூற்று நாற்பத்து நான்கு மட்டும்' என்ற வரிதான் காப்பாற்றியது. அன்று முதல், எழுத்தில் இருக்கும் தொகையோடும் ஒப்பிடுகிறோம்.

அடுத்த சிக்கல், விற்றவரின் பெயர். தமிழில் ஒரே 'பா'தான். மென்பொருளை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் 'பாலாஜி', Palaji ஆகிவிடுவார். டேலியில் ஏற்கெனவே Balaji இருப்பார். ஒரே ஆளுக்கு இரண்டு லெட்ஜர், பாக்கித் தொகையும் இரண்டாகப் பிரிந்துபோகும். அதனால் பெயரை விட்டுவிட்டு, ஜி.எஸ்.டி எண்ணைப் பிடித்துக்கொண்டோம். 15 இடங்கள். தமிழ்நாடு என்றால் முதல் இரண்டும் 33. அடுத்த பத்தும் பான் எண், அதாவது ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து. எந்த இடத்தில் எழுத்து, எந்த இடத்தில் இலக்கம் என்று தெரிவதால், அங்கே பூஜ்ஜியமா O-வா என்ற சந்தேகமே வராது. கடைசி இடம், முந்தைய 14-ஐ வைத்துக் கணக்கிட்டு வருவது. ஓர் எழுத்து தவறினால் அது காட்டிக்கொடுக்கும்.

இந்த எண்ணோ பில் நம்பரோ தவறினால், ஜி.எஸ்.டி தளத்தில் வரும் GSTR-2B பட்டியலோடு நம் கணக்கு ஒத்துவராது. கட்டிய வரியில் வரவு எடுக்க வேண்டிய அந்த 264 ரூபாய் தொங்கலில் நிற்கும். ஒரு பில்லுக்கு 264. மாதம் முழுவதற்கும் கூட்டிப் பாருங்கள்.

இப்போது எண், பெருக்கல், எழுத்தில் இருக்கும் தொகை மூன்றும் ஒத்துப்போன பில் மட்டும் டேலிக்குப் போகிறது. அப்போதும் பொருள் பெயரைச் சித்தப்பா ஒருமுறை கண்ணால் பார்க்கிறார். மற்றவை கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பாவில் சேர்கின்றன. தெர்மல் பேப்பர் பில்கள்தான் அதில் அதிகம். வெயில் பட்டால் எழுத்தே மறைந்துவிடுவதால், வந்த அன்றே அவற்றை ஸ்கேன் செய்யச் சொல்லியிருக்கிறேன். ஞாயிறு மதியம் டப்பாவைத் திறந்து, சித்தப்பாவே பழைய மாதிரி கையால் தட்டிவிடுகிறார்.