கோடித் துணியில் தங்கியிருப்பவை

தமிழில் ‘கோடி’ என்றால் நீர் படாத புதுத் துணி. எண்ணிக்கையில் வரும் கோடி வேறு, இந்தக் கோடி வேறு. மணமக்களுக்குக் கொடுப்பதும் கோடி. இறந்தவர்மேல் போர்த்துவதும் கோடி. மூலையில் மஞ்சள் தடவி, துவைக்காமல், மடிப்புக் கலையாமல் உடுத்துவதுதான் புதுமைக்கு இலக்கணம் என்று பல வீடுகளில் இன்றும் கருதுகிறார்கள். துவைத்துவிட்டால் அது பழையது.

திருப்பதியிலிருந்து ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர் தொலைவில், சுவர்ணமுகி ஆற்றங்கரையில் உள்ள ஸ்ரீகாளஹஸ்தியின் கலம்காரிக் கலைஞர்களிடம் இந்த இலக்கணம் செல்லாது. கடையிலிருந்து வந்த காடாத் துணியில் அவர்கள் ஒரு கோடுகூட இழுப்பதில்லை. முதலில் அதை நீரில் ஊறவைத்து அலசுகிறார்கள். பிறகு மாட்டுச்சாணம் கரைத்த நீரில் ஊறப்போட்டு, மீண்டும் அலசி, வெயிலில் விரிக்கிறார்கள். அதற்குப் பின்னரே கடுக்காய்ப் பொடியும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் நனைத்து உலர்த்துகிறார்கள். பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கிறது. கடுக்காயின் துவர்ப்புச்சத்து இழைக்குள் இறங்கிக் காத்திருக்கிறது. இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரிலிட்டுப் பல நாள் புளிக்கவைத்த ‘கசிமி’ என்னும் கரைசலை, கம்பளி நூல் சுற்றிய மூங்கில் எழுதுகோலால் அதன்மேல் இழுத்தவுடன் இரும்பும் துவர்ப்பும் கூடிக் கறுப்பாகின்றன.

முதல் அலசலை விட்டுவிட்டால் என்ன ஆகும்? கடுக்காய் இழையைச் சேராமல் இழைமேல் இருக்கும் பசையைச் சேரும். அந்தப் பசை பின்னால் வரும் கொதிநீரிலும் ஆற்றுநீரிலும் கழன்று போகும்போது, தன்னோடு வண்ணத்தையும் கொண்டுபோகும். ஒரு தேவியின் முகத்தில் திட்டுத்திட்டாக வெளிறல் விழும். வாரக்கணக்கில் செய்த வேலை அங்கே முடிந்துவிடும். துவைப்பதா வேண்டாமா என்ற விவாதத்துக்கு இந்தப் பட்டறைகளில் இடமே இல்லாமற்போனதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

அந்தப் பசை எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்பட்ட பாவு நூல்கள் ஆயிரக்கணக்கான முறை மேலும் கீழும் ஏறி இறங்குகின்றன. விழுதிலும் பண்ணையிலும் உரசுகின்றன. பசையில்லாத ஒற்றை நூல் இந்த உரசலைத் தாங்காமல் பிசிறெழுந்து அறும். கைத்தறி நெசவாளர்கள் விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டி அரிசிக் கஞ்சி தடவியதும் இதற்காகவே. ஆலையில் அதே வேலையைச் சைஸிங் இயந்திரம் செய்கிறது. சோளமாவு, மரவள்ளி மாவு, அவற்றோடு மெழுகு அல்லது கொழுப்பு, இப்போது பாலிவினைல் ஆல்கஹால் போன்ற செயற்கைப் பசைகள். பருத்திப் பாவின் எடையில் எட்டு முதல் பதினைந்து விழுக்காடு வரை பசை ஏறுவது வழக்கம். ஊடைநூலுக்குப் பசை இல்லை. ஒரு கிலோ காடாத் துணியில் பாவு பாதிக்குச் சற்று மேல் என்று கொண்டால், ஏறக்குறைய அறுபது கிராம் பசையைத் துணி விலைக்கு வாங்குகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் லங்காஷயர் ஆலைகளோ சீனக்களிமண்ணைப் பசையில் கலந்து எடையைக் கூட்டி இந்தியாவுக்கு அனுப்பின. கப்பலிலேயே அத்துணிகளில் பூஞ்சை பிடித்தது. பசை நெசவுக்கு உதவி, வணிகத்துக்குச் சபலம்.

எல்லாப் புதுத்துணியிலும் நெசவுப் பசை இருப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நெய்த பிறகு வெளுத்துச் சாயமேற்றிய துணியில், ஆலையே நொதி கொண்டு பசையை நீக்கியிருக்கும். நூலிலேயே சாயமேற்றி நெய்யும் லுங்கி, கட்டம்போட்ட சட்டைத்துணி, கைத்தறிப் பருத்திச் சேலை போன்றவை பெரும்பாலும் தறியிலிருந்து நேராகக் கடைக்கு வருகின்றன. அவற்றில் பசை அப்படியே தங்குகிறது. நகரி, புத்தூர்ப் பகுதிகளின் விசைத்தறிக் காடாவும் அப்படித்தான். போதாக்குறைக்கு, விற்பனைக்கு முன் மொடமொடப்புக்காகப் போடும் கஞ்சி வேறு.

இருக்கிறதா இல்லையா என்று அறிய வீட்டிலேயே வழி உண்டு. காயத்துக்குப் போடும் பெட்டாடின் மருந்தைத் தேநீர் நிறத்துக்கு நீர்த்து, துணியின் வெட்டு விளிம்பில் ஒரு துளி விட்டால், மாவுப்பசை இருக்கும் இடம் கருநீலமாகும். பாலிவினைல் பசை இந்தச் சோதனையில் பிடிபடாமல் போகலாம்; ஆகவே நீலம் வராததை நற்சான்றிதழாகக் கொள்ளக் கூடாது. வெறும் நீர்த்துளி இன்னும் நேர்மையானது. துளி முத்தாக உருண்டு நின்றால் பசையோ மெழுகோ இருக்கிறது. விழுந்த கணமே பரவினால் துணி தயார். மாவுப்பசை குளிர்ந்த நீரில் ஊதுமே தவிர எளிதில் கரையாது. அதனால் வாளியில் முக்கி எடுப்பது துவைத்ததாகாது. வெதுவெதுப்பான நீரில் நொதி சேர்ந்த சலவைத்தூளிட்டுச் சில மணிநேரம் ஊறவைத்துக் கசக்கினால் மாவு உடைந்து வெளியேறும். காளஹஸ்திச் சாணநீரிலும் நுண்ணுயிர்கள் இதைப் போன்றதொரு வேலையைச் செய்கின்றன என்று கருத இடமிருக்கிறது.

சாயத்தின் கதை வேறு. பருத்திக்கு இன்று பரவலாகப் பயன்படும் வினைச்சாயங்கள் இழையோடு வேதிப்பிணைப்பு கொள்பவை. அந்தப் பிணைப்பு உறுதியானது. ஆனால் சாயத்தொட்டியில் இழையோடு வினைபுரியாமல் தண்ணீரோடே வினைபுரிந்துவிடும் ஒரு பகுதி எப்போதும் உண்டு. அது எதையும் பற்றாமல் இழைகளுக்கிடையே சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கழுவி அகற்றக் கொதிக்கும் சோப்புநீரும் பலமுறை அலசலும் வேண்டும். தண்ணீருக்கும் எரிபொருளுக்கும் காசு மிச்சம்பிடிக்கும் பட்டறை முதலில் குறைப்பது இந்த அலசலைத்தான். விடுபட்ட அலசலை வாங்கியவர் தம் வீட்டு வாளியில் செய்கிறார். இவ்வகைக் கசிவு மூன்று நான்கு துவைப்பில் நின்றுவிடும். நேர்ச்சாயமோ வலுவற்ற ஈர்ப்பால் மட்டும் இழையில் நிற்பது. அது ஆண்டுக்கணக்கில் கசியும். எது எது என்று அறிய, நனைத்த வெள்ளைக் கைக்குட்டையைத் துணிமேல் வைத்துச் சூடான இஸ்திரிப்பெட்டியால் அழுத்திப் பார்க்கலாம். ஒவ்வொரு துவைப்புக்குப் பின்னும் கறை குறைந்துவந்தால் நம்பலாம். குறையவே இல்லையென்றால் அந்தத் துணியைத் தனியே துவைப்பதைத் தவிர வழியில்லை. உப்பும் வினிகரும் சாயத்தைப் ‘பிடிக்கவைக்கும்’ என்பது பாட்டிமார் முதல் யூடியூப் வரை பரவிய நம்பிக்கை. பருத்தியில் வினிகர் அப்படி எதுவும் செய்வதில்லை. உப்பு நேர்ச்சாயத்தைச் சிறிது நேரம் வெளியேறாமல் அடக்கிவைக்கும். அடுத்த நல்ல தண்ணீரில் அது மறுபடி புறப்பட்டுவிடும்.

சாயக்கசிவையே சரக்காக்கிய விந்தையும் சென்னைத் துணியின் வரலாற்றில் உண்டு. 1958இல் கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடம் மெட்ராஸ் கட்டம்போட்ட துணியை வாங்கிய அமெரிக்க வணிகர், குளிர்ந்த நீரில் தனியே துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கையை உரிய இடத்துக்குக் கடத்தவில்லை என்றும், ஆடைகள் சலவையில் சாயம் கசிந்து வழக்கு மிரட்டல் வரை போனபின், கசிவதே இதன் சிறப்பு என்று விளம்பரம் செய்து மீண்டார்கள் என்றும் அவ்வரலாறு சொல்லப்படுகிறது. ‘பிளீடிங் மெட்ராஸ்’ என்ற பெயர் அப்படி நிலைத்தது. அந்தச் சாமர்த்தியம் திருப்பதித் தையற்காரருக்கு வாய்ப்பதில்லை.

அவருக்கு வாய்ப்பது சேலை ஃபால்ஸ். மேற்சொன்னவை அனைத்தும் ஒரே பட்டையில் வந்து சேருவது இங்கேதான். கடையில் கிடைக்கும் பருத்தி ஃபால்ஸ் ஏறக்குறைய மூன்று மீட்டர் நீளம். கட்டையாக நிற்பதற்காகக் கஞ்சி ஏற்றியது. சேலை நிறத்துக்குப் பொருந்த அடர்சாயம் போட்டது. தறியிலும் பட்டறையிலும் இழுபட்ட இழை முதல் நீரில் தளர்ந்து சுருங்கக் காத்திருப்பது. நான்கு விழுக்காடு சுருங்கினால் மூன்று மீட்டரில் பன்னிரண்டு சென்டிமீட்டர். தைக்கப்பட்ட பாலியெஸ்டர்ச் சேலையோ சுருங்காது. அந்தப் பன்னிரண்டு சென்டிமீட்டர் முழுவதும் கரையில் சுருக்கமாகக் கூடி நிற்கும். இஸ்திரியால் அது போகாது, பிரித்துத் தைக்க வேண்டும். பட்டுச் சேலை என்றால் இன்னொரு ஆபத்து: ஃபால்ஸின் சாயம் மழையில் நனைந்து இளநிறக் கரையில் ஏறினால் மீட்பே இல்லை. “அக்கா, நாளைக்குக் கல்யாணம், இன்னிக்கே தெச்சுக் குடுங்க” என்று வருபவர்களிடம், ஒருநாள் ஊறவைத்துக் காயவிடவேண்டும் என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். துவைக்காமல் தைத்துக்கொடுத்தாலோ ஒரு மாதம் கழித்துச் சுருங்கிய கரையோடு வந்து, தையல் சரியில்லை என்கிறார்கள். விவரமறிந்த தையற்காரர்கள் ஃபால்ஸ்களை முன்கூட்டியே நிறவாரியாக வாங்கி, அரைமணிநேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, முறுக்காமல் கொடியில் தொங்கவிட்டு, அரை ஈரத்தில் தேய்த்து அடுக்கி வைத்துக்கொள்கிறார்கள். ரவிக்கையின் பருத்தி லைனிங்குக்கும் இதே முறைதான். பட்டையும் சரிகையையும் நீரில் போடக் கூடாது. துவைக்க வேண்டியது சேலையை அல்ல, அதனோடு சேரப்போகிறதை.

கண்ணுக்குப் படாதது மூன்றாவது. கசங்காத சட்டைத்துணிக்கும் காற்சட்டைத்துணிக்கும் ஏற்றப்படும் பிசின்கள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு உண்டு. உறையைப் பிரித்ததும் மூக்கைக் குத்தும் வாடையில் அதற்கும் பங்கிருக்கலாம். உடலில் படும் துணிக்கு மில்லியனில் 75 பங்கு, குழந்தைகளின் துணிக்கு 16 பங்கு என்பது ஜப்பான் வைத்திருக்கும் வரம்பு. 2010இல் அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் சோதித்த 180 பொருள்களில் பத்து அந்த 75ஐத் தாண்டின. பெரும்பாலோருக்கு இதனால் ஒன்றும் நேராது. ஒவ்வாமை உள்ளவருக்கு அக்குள் மடிப்பிலும் கழுத்திலும் தொடையின் உட்புறத்திலும், அதாவது துணி உரசி வியர்வை தேங்கும் இடங்களில், அரிப்பும் தடிப்பும் வரும். ஒரு துவைப்பு கட்டற்ற பகுதியைப் பெருமளவு கரைத்துவிடும். பிசினோடு கட்டுண்டது வெப்பத்திலும் ஈரத்திலும் சிறிது சிறிதாக விடுபட்டுக்கொண்டே இருக்கும். திருப்பதியின் மே மாதம் அதற்கு உகந்த சூழல். ஆகவே துவைத்த பின்னும் தடிப்பு தொடர்ந்தால் மீண்டும் மீண்டும் துவைப்பதில் பயனில்லை. அந்தத் துணியை விட்டுவிடுவதே சரி.

பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் ஏந்தாமல், பலமுறை துவைத்து நைந்த பழைய வேட்டியிலோ பாட்டியின் நூல்சேலையிலோ சுற்றும் வழக்கம் இப்பகுதியின் தமிழ், தெலுங்கு வீடுகள் பலவற்றில் இருந்தது. பெயர்சூட்டும் நாள் வரை கோடி கிடையாது. இப்போது மருத்துவமனைக்கே பளபளக்கும் பரிசுப்பெட்டியில் சட்டையும் தொப்பியும் காலுறையும் வந்துவிடுகின்றன. பெட்டியைத் திறந்தவுடன் படம் எடுத்துக்கொள்ளலாம். போடுவது மட்டும், இருமுறை அலசி வெயிலில் காய்ந்த பிறகு.