மீதி சுழியம் வந்தால்

7²⁰⁰⁰-இன் ஒன்றாம் இலக்கம் என்ன? போட்டித் தேர்வுக்குப் படிக்க வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே இந்தக் கணக்கைக் கொடுத்துவிடுவேன். பாதிப் பேர் கைப்பேசியை எடுப்பார்கள். எடுக்கட்டும் என்று விட்டுவிடுவேன். கணக்குத்தாளில் =7^2000 என்று தட்டினால் #NUM! என்று வரும். 1,691 இலக்கம் உள்ள எண் அது, அந்தப் பெட்டிக்குள் அடங்காது. சரி, சின்னதாக 7²⁰ போட்டுப் பாருங்கள் என்பேன். எல்லா இலக்கமும் தெரியும்படி வைத்துப் பார்த்தால் 79792266297612000 என்று காட்டும். உண்மையான விடை 79792266297612001. பதினைந்து இலக்கத்துக்கு மேல் அது வைத்துக்கொள்வதில்லை, மிச்ச இடத்தைச் சுழியத்தால் நிரப்பிவிடுகிறது. ஏழை எத்தனை முறை பெருக்கினாலும் கடைசியில் 0 வராது என்று தெரிந்தவன் அந்த விடையை நம்பமாட்டான். தெரியாதவன் தாளில் எழுதிவிட்டு வந்துவிடுவான்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் சூத்திரம் எதுவும் சொல்லவில்லை. பலகையில் 7 என்று எழுதுவார். ஏழால் பெருக்கி 49. உடனே கட்டைவிரலால் 4-ஐ அழித்துவிடுவார். மிச்சம் 9. அதை ஏழால் பெருக்கி 63, ஆறை அழிப்பார். 3-ஐ ஏழால் பெருக்கி 21, இரண்டை அழிப்பார். 1-ஐ ஏழால் பெருக்கினால் மறுபடி 7. அங்கே சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்துவிடுவார். 7, 9, 3, 1. அவ்வளவுதான்.

ஏன் அழிக்கலாம் என்று யாராவது கேட்டால்தான் விளக்குவார். பத்தாம் இடத்தில் இருப்பதை எதனால் பெருக்கினாலும் அது பத்தின் மடங்காகவே இருக்கும், ஒன்றாம் இடத்தை ஒருபோதும் தொடாது. ஆகவே அடுத்த கடைசி இலக்கம் எதுவென்று தீர்மானிப்பது இப்போதைய கடைசி இலக்கம் மட்டும்தான். இலக்கங்களோ மொத்தமே பத்து. எங்கேயாவது ஒன்று திரும்ப வந்தாக வேண்டும், வந்துவிட்டால் அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் அதே வரிசையில் வரும். 1347²⁰⁰⁰ என்று கேட்டாலும் இதே காரணத்தால் 7-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம்.

ஏழின் சுற்று நான்கு. எனவே அடுக்கை நான்கால் வகுத்து மீதியைப் பார்க்க வேண்டும். மீதி 1 என்றால் 7, 2 என்றால் 9, 3 என்றால் 3. 2000-ஐ நான்கால் வகுத்தால் மீதி இல்லை, சுற்று 500 முறை முழுதாக முடிந்துவிட்டது. முடிந்த சுற்றின் கடைசி எண் 1. விடை அதுதான்.

இங்கே இரண்டு இடங்களில் பிள்ளைகள் இடறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, பத்தையும் நான்கையும் குழப்பிக்கொள்வது. கடைசி இலக்கத்தைத்தானே தேடுகிறோம், அடுக்கிலும் கடைசி இலக்கத்தை மட்டும் எடுத்தால் போதும் என்று நினைப்பார்கள். 7²⁰¹³ கேட்டால் 7³ போட்டு 3 என்பார்கள். 2013-ஐ நான்கால் வகுத்தால் மீதி 1, விடை 7. அடிமானத்தைப் பத்தால் வெட்டுகிறோம், அடுக்கைச் சுற்றின் நீளத்தால் வெட்டுகிறோம். வெட்டும் அளவு இரண்டுக்கும் வேறு. அடுக்கு எவ்வளவு நீளமாக இருந்தாலும் கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்தால் போதும் என்பது உண்மை, நூறு நான்கால் மீதியின்றி வகுபடுவதால். 123456 அடுக்கு என்றால் 56-ஐ மட்டும் பாருங்கள், மீதி சுழியம். ஆனால் இரண்டு இலக்கம், ஒன்றல்ல.

இன்னொரு இடறல் இதைவிட நயவஞ்சகமானது, ஏனென்றால் ஏழில் அது பிடிபடாது. மீதி சுழியம் வந்ததும் சிலர், “சார், அப்ப 7⁰ தானே? எந்த எண்ணுக்கும் அடுக்கு 0 என்றால் 1” என்பார்கள். விடை 1 வந்துவிடுகிறது, சரியாகவும் இருக்கிறது. நான் உடனே மறுக்கமாட்டேன். “தம்பி, அதே கையோட 2²⁰⁰⁰ போடு” என்பேன். மீதி சுழியம், 2⁰ என்பது 1, ஆகவே 1 என்று எழுதிக் காட்டுவான். இரண்டை இரண்டாயிரம் முறை பெருக்கி ஒற்றைப்படை எண் எப்படி வந்தது என்று பக்கத்தில் இருப்பவர் யாராவது கேட்பார். அவர் கேட்கும்வரை நான் வாயைத் திறப்பதில்லை.

இரண்டின் சுற்றை எழுதிப் பாருங்கள்: 2, 4, 8, 6. பதினாறை இரண்டால் பெருக்கினால் 32, மறுபடி 2. இந்தச் சுற்றில் 1 இல்லவே இல்லை. தொடக்கத்தில் 2⁰ = 1 இருந்தது உண்மைதான், ஆனால் அது சுற்றுக்கு வெளியே நிற்கிறது. ஒருமுறை இரண்டால் பெருக்கி உள்ளே போய்விட்டால் திரும்ப 1-க்கு வர வழியில்லை. ஏழுக்கு மட்டும் வழி எப்படி வந்தது? ஏழால் பெருக்கியதை மூன்றால் பெருக்கிப் பழைய இலக்கத்துக்கே கொண்டுவந்துவிடலாம், ஏழு மூன்று இருபத்தொன்று, கடைசியில் 1. பின்னோக்கி நடக்க முடிகிற எண்ணுக்குத் தொடக்கமும் சுற்றுக்குள்ளேயே இருக்கும். இரண்டால் பெருக்கி 4 வந்தது என்றால் முன்பு இருந்தது 2-ஆ, 7-ஆ என்று சொல்ல முடியாது, இரண்டுமே 4-இல் முடியும். பத்தோடு பொதுக் காரணி இல்லாத 1, 3, 7, 9 என்ற நான்கில் முடிகிற அடிமானங்களுக்குத்தான் 1 திரும்பி வரும். மற்றவற்றுக்கு வராது.

அதனால் என் வகுப்பில் ஒரே வழக்கம்தான்: மீதி சுழியம் என்றால் சுற்றின் கடைசி எண். சுழியம் அடுக்கு என்ற பேச்சே வேண்டாம். 7-க்கு 1, 2-க்கு 6, 3-க்கு 1. 4-க்கும் 9-க்கும் சுற்று இரண்டுதான், ஆனால் நான்கால் வகுத்தே பார்த்தாலும் கெடுதல் இல்லை. 0, 1, 5, 6 நகர்வதே இல்லை. எல்லா இலக்கத்துக்கும் நான்கு பொது என்பதால் தேர்வு அறையில் தனித்தனிச் சுற்று நீளத்தை நினைவில் வைத்துத் திண்டாடத் தேவையில்லை.

கழித்தல் வந்தால் கொஞ்சம் நிதானம் வேண்டும். 7²⁰⁰⁰ − 3²⁰⁰¹ என்ற கணக்கை எடுங்கள். முதலாவது 1-இல் முடியும். மூன்றின் சுற்று 3, 9, 7, 1. 2001-இன் மீதி 1, ஆகவே இரண்டாவது 3-இல் முடியும். ஒன்றிலிருந்து மூன்று போகாது. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 2 என்று போடுகிறவர்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். முதலில் எது பெரிய எண் என்று பார்க்க வேண்டும். இங்கே 7²⁰⁰⁰ பெரியது, பக்கத்து இடத்தில் கடன் வாங்கி 11-இலிருந்து 3 போக 8. 11 − 3 போன்ற சின்ன கழித்தலில் மதிப்பெண் போவதைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

கற்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பட்டியலை மனப்பாடம் செய்யாமல், ஒவ்வொரு இலக்கத்துக்கும் உங்கள் கையாலேயே ஒருமுறை பெருக்கி, பத்தாம் இடத்தை அழித்து, திரும்ப வரும்வரை எழுதுங்கள். அரைப் பக்கம்கூட ஆகாது. எழுதி முடித்ததும் 8²⁰⁰⁰ போட்டுப் பாருங்கள். 6 வந்தால் சரி. 1 வந்திருந்தால், மீதி சுழியத்தை என்ன செய்தீர்கள் என்று திரும்பிப் பாருங்கள்.