காற்று திருப்பித் தராத வினாடிகள்

ஆடி மாதத்தில் காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் சாலையில் கிழக்கே ஓடிப்போய்த் திரும்பியவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கும். போகும்போது மேல்காற்று முதுகில். கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் ஓடுகிறவருக்குக் கடிகாரம் நாலு நிமிடம் ஐம்பது வினாடி காட்டும். நமக்கு ஃபார்ம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். அய்யம்பேட்டை பக்கம் போய்த் திரும்பினால் அதே உழைப்புக்கு ஐந்து இருபது. வீடு வந்து கூட்டிப் பார்த்தால் மொத்தத்தில் ஒரு நிமிடம் போல நஷ்டம்.

போகும்போது தள்ளிய காற்றுதானே வரும்போது தடுத்தது? அப்படியானால் கணக்கு நேராக வேண்டாமா? எங்கள் தெருவில் ஒரு தம்பி இருக்கிறான். வீட்டில் தறி, அப்பாவும் அம்மாவும் நெய்கிறவர்கள். அவன் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிறான். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். ஒரு வினாடி தாண்டினாலும் வெளியேதான். அவன் காற்றில்லாத காலையில் 6 நிமிடம் 55 வினாடி ஓடுகிறான். "கிரவுண்டு வட்டம்தானேண்ணா, ஒரு பக்கம் தடுத்தா மறுபக்கம் தள்ளிடும், காத்து எப்படி இருந்தா என்ன?" என்று கேட்டான். அவனுக்குப் பதில் சொல்லத்தான் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

காற்று நம்மை எவ்வளவு இழுக்கிறது என்பது நம் வேகத்தை மட்டும் பொறுத்ததல்ல. நம் மேல் வந்து மோதும் காற்றின் வேகத்தைப் பொறுத்தது. காற்றே இல்லாத நாளிலும் நாம் ஓடுவதால் காற்று மோதும். கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் என்றால் வினாடிக்கு 3.33 மீட்டர். எதிரே 3 மீட்டர் வேகத்தில் காற்று வந்தால் மோதும் வேகம் 6.33. பின்னாலிருந்து அதே காற்று வந்தால் 0.33. இழுவை இந்த வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு சராசரி உடம்புக்கு அதைக் கிராம் எடையாக இப்படி எழுதலாம்:

```
இழுவை (கிராம்) = 26 × (மோதும் வேகம், மீ/வி)²
```

காற்றில்லாத நாளில் சுமார் 290 கிராம். எதிர்க்காற்றில் 1040 கிராம். பின்காற்றில் 3 கிராம், அதாவது ஒன்றுமில்லை. இடுப்பில் ஒரு நூலைக் கட்டி, அது ஒரு கப்பி வழியாக அந்த எடையைத் தொங்கவிட்டு நம்மைப் பின்னுக்கு இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்று எண்களிலேயே பதில் இருக்கிறது. எதிர்க்காற்று கூடுதலாகக் கட்டிவிட்டது 750 கிராம். பின்காற்று கழற்றிவிட்டது 290 கிராம் மட்டும். அதற்கு மேல் கழற்ற அதனிடம் எதுவும் இல்லை, இருந்ததே அவ்வளவுதான். காற்று நம் ஓட்டத்தைவிட வேகமாக அடித்தால்தான் உண்மையில் முதுகில் கைவைத்துத் தள்ளும். அதுவரை அது செய்வதெல்லாம் தடுக்காமல் இருப்பது மட்டுமே.

பள்ளிக்கூட அல்ஜீப்ராவில் பார்த்தால் இன்னும் தெளிவு. நம் வேகம் v, காற்று w என்றால் எதிர்க்காற்று சேர்ப்பது 2vw + w². பின்காற்று குறைப்பது 2vw − w². நம் எண்களைப் போட்டால் முதலாவது 20 + 9, இரண்டாவது 20 − 9. அந்த 20 போகும்போதும் வரும்போதும் கழிந்துவிடும். திருடுவது அந்த 9. அது காற்றின் வர்க்கம் என்பதால் காற்று பாதியானால் திருட்டு கால்வாசியாகிவிடும். இளங்காற்றில் ஓடுகிறவர்கள் வித்தியாசமே தெரியவில்லை என்பதும், பலத்த காற்றில் ஓடியவர்கள் நொந்துபோய் வருவதும் இதனால்தான்.

இனி கிராமை வினாடியாக்க வேண்டும். ஆய்வகங்களில் ஓடுகிறவரின் இடுப்பை மெல்லப் பின்னுக்கு இழுத்து, அவர் எவ்வளவு கூடுதலாக ஆக்சிஜன் செலவழிக்கிறார் என்று அளந்திருக்கிறார்கள். உடல் எடையில் நூற்றில் ஒரு பங்கு விசையால் இழுத்தால் செலவு சுமார் ஆறு சதவீதம் ஏறுகிறது. அறுபது கிலோ ஆளுக்கு அது 600 கிராம். ஆகவே 100 கிராமுக்கு ஒரு சதவீதம். கிலோமீட்டருக்கு 300 வினாடி ஓடுகிறவருக்கு ஒரு சதவீதம் என்பது 3 வினாடி. பின்காற்றில் 290 கிராம் கழன்றது, லாபம் 9 வினாடி. எதிர்க்காற்றில் 750 கிராம் ஏறியது, நஷ்டம் 22 என்று வரும். ஆனால் வேகம் குறையும்போது மோதலும் குறையும் என்பதால் 21 என்று வைக்கலாம். ஐந்து கிலோமீட்டர் போய் ஐந்து கிலோமீட்டர் வந்தால் 105 நஷ்டம், 45 லாபம். போன அந்த ஒரு நிமிடம் இதுதான்.

இந்த 21-ஐக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கிரிஃபித் பியூ என்ற உடலியலாளர், 1953 எவரெஸ்ட் பயணத்தில் ஹிலாரியும் டென்சிங்கும் இருந்த குழுவோடு போனவர், 1971-இல் இதை அளந்து வெளியிட்டார். நடுத்தர தூர ஓட்டக்காரரின் உழைப்பில் ஏழரை சதவீதம் காற்றைக் கிழிக்கவே போகிறது என்றார். 1980-இல் டேவிஸ் என்பவர் அளந்தபோது அது நாலு சதவீதமாக வந்தது. ஏறக்குறைய பாதி. உயரம், உடல்வாகு, ஆடை எல்லாமே எண்ணை மாற்றும். ஆனால் யார் அளவை எடுத்தாலும் நஷ்டம் லாபத்தைவிடப் பெரிது என்பது மாறாது. அது வர்க்கத்திலேயே இருக்கிறது.

அதைவிடப் பெரிய பிழை வேறு இடத்தில் வரும். செல்போனில் வானிலை பார்த்து "காற்று மணிக்கு 18 கிலோமீட்டர்" என்று அப்படியே கணக்கில் போட்டால் எல்லாம் கோணலாகும். வானிலைக்காரர்கள் சொல்வது திறந்தவெளியில் பத்து மீட்டர் உயரத்துக் காற்று. நம் நெஞ்சு இருக்கும் உயரத்தில், வயல்வெளிச் சாலையில், அது சுமார் அறுபது சதவீதம்தான் இருக்கும். 18 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 5 மீட்டர், நமக்குக் கிடைப்பது 3. ஊருக்குள் வீடுகள் நெருங்கிய தெருவில் அதுவும் குறையும். செல்போன் இல்லாமலும் ஊகிக்கலாம். சாலையோரக் கட்சிக் கொடி விரிந்து பறக்கிறது, இலைகள் ஓயாமல் ஆடுகின்றன என்றால் மேலே மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர் காற்று. புழுதியும் தாளும் கிளம்பிவிட்டால் 20-ஐத் தாண்டிவிட்டது. எங்கள் தெருவில் விடியற்காலையில் பாவு நீட்டியிருந்தால் எனக்கு அதுவே போதும். அத்தனை இழையும் இடுப்புயரத்தில்தான் இருக்கின்றன, அவை அலைவது என் மேல் படும் காற்று.

சொந்த எண்ணை அளந்துகொள்வது கடினமல்ல. ஆனால் அதில் இரண்டு பொறி உண்டு. முதலாவது சரிவு. பாலாறு கிழக்கே ஓடுகிறது என்றால் நிலமும் கிழக்கே சரிகிறது என்று அர்த்தம். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அறுபது கிலோ உடம்பை 60 கிராம் முன்னே இழுக்கும். கிட்டத்தட்ட 2 வினாடி. அதனால் இலை அசையாத ஒரு காலையில் அதே சாலையில் போய்வந்து, அந்த வித்தியாசத்தை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். காற்றுள்ள நாளின் வித்தியாசத்தில் அதைக் கழிக்க வேண்டும்.

இரண்டாவது புழுக்கம். பின்காற்றும் நாமும் ஒரே வேகத்தில் போனால் உடம்பின் மேல் காற்றே ஓடாது. வியர்வை வழியும், காயாது. தடை இல்லாத அந்தச் சுகத்துக்கு விலையாக உடம்பு சூடேறும், இதயத் துடிப்பு ஏறும். ஒரே துடிப்பில் ஓடி ஒப்பிடுகிறவருக்கு அந்த 9 வினாடியில் பாதி இதில் கரைந்துவிடலாம். திரும்பும்போது களைப்பும் சேர்ந்துகொள்ளும், அதையும் எதிர்க்காற்றின் தலையில் போட்டுவிடுவோம். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: ஒரு நாள் பின்காற்றில் தொடங்குங்கள், இன்னொரு நாள் எதிர்க்காற்றில் தொடங்குங்கள். இரண்டு நாளும் எண் ஒத்துவந்தால் அது காற்று. ஒத்துவராவிட்டால் அந்த வித்தியாசம் சூடும் களைப்பும்.

ஒரே திசையில் மட்டும் ஓடினால் பின்காற்று முழு லாபம்தான். 2011 பாஸ்டன் மாரத்தானில் பலத்த காற்று முதுகில் அடிக்க, ஜெஃப்ரி முத்தாய் 2:03:02-இல் முடித்தார். அன்றைய உலக சாதனையைவிட 57 வினாடி குறைவு. அது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே நேர்க்கோட்டுத் தூரம் பந்தயத் தூரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது விதி. பாஸ்டன் ஏறக்குறைய ஒரே திசையில் போகும் பாதை, மொத்தத்தில் இறக்கமும் விதி அனுமதிப்பதைவிட அதிகம்.

தம்பியின் மைதானம் நேர் எதிர். சுற்றிச் சுற்றி வந்தாக வேண்டும். அவன் வேகத்துக்கு, 3 மீட்டர் காற்றில், எதிர்நேர்ப் பகுதியில் கிலோமீட்டருக்கு 20 வினாடி நஷ்டம், பின்நேர்ப் பகுதியில் 9 லாபம். வளைவுகளில் காற்று பக்கவாட்டில் வரும்போதும் லாபமில்லை. பக்கக் காற்றும் மோதும் வேகத்தைக் கூட்டுவதால் 2, 3 வினாடி தின்னும். எல்லாவற்றையும் கூட்டி 1500 மீட்டருக்குப் பார்த்தால் 7 வினாடி. 6:55 என்பது 7:02 ஆகிறது. அதே பையன், அதே கால், அதே உழைப்பு.

காகிதத்தைக் காட்டியதும் அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ காத்தடிச்சா அவ்ளோதானா?"

"அவ்ளோதான் இல்லடா. முன்னாடி ஒருத்தன் ஓடுவான்ல, அவன் முதுகு இருக்கு."

பியூ இதையும் அளந்திருக்கிறார். ஒரு மீட்டர் பின்னால் ஒட்டி ஓடினால் காற்றுக்குச் செலவாவதில் எண்பது சதவீதம் மிஞ்சுகிறது. தேர்வில் கூட்டமாகத்தான் ஓடவிடுகிறார்கள். எதிர்நேர்ப் பகுதியில் சரியான வேகத்தில் போகும் ஒருவன் பின்னால் ஒளிந்து, அந்த லாபத்தில் பாதி கிடைத்தால்கூட நாலு வினாடி திரும்பிவிடும். முந்துவதாக இருந்தால் பின்காற்றில் முந்த வேண்டும். எதிர்க்காற்றில் கடிகாரத்தைப் பார்த்துப் பதறி வேகத்தைக் கூட்டக் கூடாது, அங்கே மெதுவாவதுதான் சரியான வேகம். இருந்தாலும் முன்னே போகிறவன் நம் வேகத்தில் போவான் என்பதற்கு உத்தரவாதமில்லை. காலை ஆறு மணிக்கு அசையாத இலை, நம் முறை வரும் பத்து மணிக்கும் அசையாமல் இருக்கும் என்பதற்கும் இல்லை.

அதனால் இப்போது அவன் இலக்கு ஏழு நிமிடம் இல்லை. காற்றுக்கு 7, பதற்றத்துக்கு 3 என்று பத்து வினாடியைக் கழித்து 6:50 என்று கதவில் சாக்பீஸால் எழுதிவைத்திருக்கிறான். விடியலில் ஓடிக்கொண்டிருந்தவன், வாரத்தில் இரண்டு நாள் வேண்டுமென்றே மேல்காற்று எழுந்த பிறகு மைதானத்துக்குப் போகிறான். போன வாரம் கொடி விரிந்து பறந்த ஒரு நாளில் 6:58.