பெயர் யார் பேரில்

அவனியாபுரம் பக்கம் ஒரு சென்ட் இடம் வாங்குகிறவர்கூட முதலில் கேட்பது, பட்டா யார் பேரில் இருக்கிறது என்றுதான். ஒரு கடையின் இணைய முகவரியைப் பற்றி அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டே ஆகவேண்டிய நாள் வரும்போது, நான் பார்த்த வரையில், வெளியே நிற்பவள் பெண்ணாகத்தான் இருக்கிறாள்.

எங்கள் தெருவில் இரண்டு பெண்கள் சேர்ந்து சுங்குடிச் சேலை விற்றார்கள். ஒருத்தி முடிச்சுப் போடும் பெண்களிடம் போய் வேலை வாங்கி வருவாள், படம் எடுப்பாள், ஒவ்வொரு சேலைக்கும் நாலு வரி எழுதுவாள். இன்னொருத்தி முதல் போட்டவள், கணக்குப் பார்ப்பவள். 2017-ல் இணையதளம் தொடங்கியபோது, “கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அவரே பாத்துக்குவாரு” என்று கணக்குப் பார்ப்பவளின் கணவர் தன் மின்னஞ்சலில் .com பெயரை வாங்கினார். ஆறு வருடம் கழித்துக் கூட்டு முறிந்தது. “வெப்சைட்டு எங்க பேர்ல இருக்கு, நீங்க வேற ஆரம்பிச்சுக்கங்க” என்று அவர் சொல்லிவிட்டார். படம் எடுத்தவள் என்னிடம் வந்தாள்.

இணையதளம் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது மூன்று தனித்தனிப் பொருள்கள். முதலாவது பெயர், அதாவது டொமைன். இரண்டாவது, படங்களும் எழுத்தும் தங்கியிருக்கும் வாடகை இடமான ஹோஸ்டிங். மூன்றாவது அந்தப் படங்களும் எழுத்தும். மூன்றுக்கும் பில் வேறு, கடவுச்சொல் வேறு. ஹோஸ்டிங்கை மாற்றிவிடலாம், படத்தைப் பிரதி எடுத்துவிடலாம். பெயர் ஒன்றுதான் உலகத்துக்கே ஒன்று. அதுவும் விலைக்கு வாங்கிய சொத்து அல்ல. வருடக் கட்டணம் கட்டும்வரை பதிவு செய்தவர் அனுபவிக்கும் உரிமை மட்டுமே.

அந்தப் பதிவு யார் பேரில் என்று பார்க்க lookup.icann.org என்ற பக்கத்தில் பெயரைத் தட்டச்சு செய்தால் போதும். பதிவு நிறுவனம் எது, எந்தத் தேதியில் காலாவதி என்பதெல்லாம் வரும். உரிமையாளர் பெயருக்கு நேராக மட்டும் பெரும்பாலும் REDACTED என்று மறைத்திருக்கும். எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. பெயரை ஆள்வது அந்தப் பதிவு நிறுவனத்தில் உள்ள கணக்கு, கணக்கை ஆள்வது அதில் கொடுத்த மின்னஞ்சல். அது அவருடையது.

“அப்ப நாள் முடியட்டும்க்கா, அவர் பணம் கட்டலைன்னா மறுநாளே நாம எடுத்துக்கலாம்ல?” என்றாள். அது நடக்காது. காலாவதியான .com பெயர் மறுநாளே சந்தைக்கு வருவதில்லை. நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை பழைய உரிமையாளரே புதுப்பிக்கலாம். நீக்கிய பிறகும் 30 நாள், கூடுதல் கட்டணம் கட்டி அவரால் மீட்க முடியும். அதன் பிறகு 5 நாள் யாரும் தொட முடியாது. அந்த வரிசை முடிவதற்குள்ளேயே பல நிறுவனங்கள் பெயரை ஏலத்தில் விட்டுவிடும். ஏலத்தைத் தாண்டி வந்தாலும், விடுபடும் நொடியில் பிடிக்கத் தானியங்கி நிரல்கள் காத்திருக்கும். ஆறு வருடம் வாடிக்கையாளர்கள் வந்துபோன முகவரியில் அடுத்த மாதம் சூதாட்டத் தளம் ஓடுவது இப்படித்தான்.

சட்டம் அவள் பக்கம் கொஞ்சம் இருந்தது. 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தில் 14-ஆம் பிரிவு, வேறு எண்ணம் இருந்ததாகத் தெரியாதவரை, கூட்டு நிறுவனத்தின் பணத்தில் வாங்கியது நிறுவனத்துக்காக வாங்கியதாகவே கருதப்படும் என்கிறது. எனவே யார் மின்னஞ்சல் என்பதைவிட யார் பணம் என்பது முக்கியம். வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்துப் பார்த்தோம். வருடாவருடம் அந்தக் கட்டணம் கடையின் கணக்கிலிருந்துதான் போயிருந்தது. 53-ஆம் பிரிவு இன்னொன்று சொல்கிறது: கூட்டு கலைந்த பின், கணக்கு வழக்கு முடியும்வரை, ஒரு பங்காளி நிறுவனத்தின் பெயரிலோ சொத்திலோ தனக்கென்று தொழில் செய்வதை மற்றவர் தடுக்கலாம். வேறு ஒப்பந்தம் இருந்தால் அதுவே செல்லும். அவர்களுடைய கூட்டு பதிவு செய்யப்படாதது. அப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு வழக்குப் போடுவதில் பல தடைகள் உண்டு. ஆனாலும் கூட்டைக் கலைக்கவும், கலைந்த கூட்டின் கணக்கைக் கேட்கவும் 69-ஆம் பிரிவு வழி விடுகிறது.

வெளி ஆள் பெயரைப் பறித்தால் கதை வேறு. 2004 மே மாதம் சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையப் பெயருக்கும் வணிகப் பெயருக்குள்ள பாதுகாப்பு உண்டு என்றது. 1999 முதல் ‘சிஃபி’ என்ற பெயரில் தொழில் செய்த நிறுவனம், 2001-ல் ‘சிஃபிநெட்’ என்று வந்தவரை அப்படித்தான் தடுத்தது. பங்காளிகளுக்குள் வரும் தகராறுக்கு, இணையப் பெயருக்கான நடுவர் மன்றங்கள் பெரும்பாலும் நீதிமன்றத்தைக் கைகாட்டிவிடும்.

அவள் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. வங்கி விவரத்தை வழக்கறிஞர் மேசையில் வைத்ததும் பேச்சு மாறியது. கையிருப்புச் சேலைகளில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்துப் பெயரை அவள் வாங்கிக்கொண்டாள். கலைப்புப் பத்திரத்தில் பெயரை முழுதாக எழுதி, இத்தனை நாளுக்குள் மாற்றித் தர வேண்டும் என்று வரி சேர்த்தோம். ‘இணையதளம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் மறுபடி சண்டை வந்திருக்கும்.

மாற்றும்போது வரிசை முக்கியம். முதலில் படங்கள், எழுத்து, பாக்கி ஆர்டர்கள் எல்லாவற்றுக்கும் பிரதி. அடுத்து, கடை மின்னஞ்சலை எங்கெல்லாம் கொடுத்திருந்தார்கள் என்று பட்டியல்: வங்கி, ஜிஎஸ்டி, பணம் வாங்கும் நிறுவனம், கூரியர், சமூக ஊடகம். பிறகுதான் பெயர். அதே பதிவு நிறுவனத்தில் அவளுக்கு ஒரு கணக்குத் திறந்து, அவர் கணக்கிலிருந்து அதற்குத் தள்ளிவிடச் செய்தோம். வேறு நிறுவனத்துக்குப் போவதென்றால் clientTransferProhibited என்ற பூட்டைத் திறக்க வேண்டும், ரகசியக் குறியீடு வாங்க வேண்டும். உரிமையாளர் பெயரை மாற்றிய பிறகு 60 நாள் இடம் மாற்ற முடியாமலும் போகலாம். மாற்றம் முடிந்த அன்றே மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் அவளுடையவை ஆயின.

கடையையே மூடுபவர்கள் “இனி எதுக்குக் கட்டணும்” என்று பெயரை விட்டுவிடுகிறார்கள். விட்ட பெயரை வாங்குகிறவருக்கு அந்தப் பெயரில் முடியும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரும். வங்கியோ ஊடகக் கணக்கோ கடவுச்சொல்லை மாற்ற அனுப்பும் கடிதம் அவர் கையில் விழும். எல்லாக் கணக்கையும் சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றி முடித்த பிறகும் இரண்டு வருடமாவது கட்டணம் கட்டுங்கள். மற்ற பக்கங்களை எடுத்துவிட்டு, ‘கடை மூடப்பட்டது, இந்த எண்ணில் பேசலாம்’ என்று ஒரே ஒரு பக்கம் வைத்தால் போதும். பணம் வாங்கும் பொத்தானை முதல் நாளே எடுத்துவிட வேண்டும். கூட்டு கலைந்ததை அரசிதழிலும் தமிழ் நாளிதழிலும் முறைப்படி அறிவிக்கும்வரை, கடையின் பெயரில் ஒரு பங்காளி வாங்கும் ஆர்டருக்கு மற்றவளும் பொறுப்பாகலாம் என்கிறது 45-ஆம் பிரிவு.

தமிழில் ‘பேர்’ என்றால் அழைக்கும் பெயரும் அதுதான், சம்பாதித்த மதிப்பும் அதுதான். முடிச்சு முடிச்சாக அந்தப் பேரைச் சம்பாதித்தவள் அவள். பதிவு மட்டும் வேறொருவர் மின்னஞ்சலில் கிடந்தது. இப்போது காலாவதித் தேதியைச் சமையலறை நாட்காட்டியில் அவள் வட்டமிட்டு வைத்திருக்கிறாள், கேஸ் புக் பண்ணும் தேதிக்குப் பக்கத்தில்.