கத்தரிக்கோலும் கோந்தும்



எங்கள் ஊர் உத்திரமேரூர். அதைப்பற்றி எட்டு நிமிடம் ஓடும் ஒரு விவரணப்படம் எடுக்க மாணவர் மன்றத்தில் ஒப்புக்கொண்டோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் இருக்கின்றன. முப்பது குடும்புகளிலும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஏரி வாரியத்துக்கும் மற்ற வாரியங்களுக்கும் ஆள் எடுத்த கதை அதில் உள்ளது. அந்த ஏரியைப் பற்றி மூன்று பேரிடம் பேட்டி எடுத்தோம். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், ஒரு விவசாயி, மூன்றாவது எங்க அப்பா. அப்பா பல வருஷம் மதகு திறந்து வாய்க்காலில் தண்ணீர் விட்டவர். பள்ளிக்கூடம் போகாதவர்.

மொத்தம் ஒண்ணே முக்கால் மணி நேரப் பேச்சு. நேராகக் கம்ப்யூட்டரில் போட்டு வெட்டத்தான் உட்கார்ந்தேன். இரண்டு நாளில் ஒன்றும் நகரவில்லை. டைம்லைனில் எல்லாம் ஒரே மாதிரிப் பட்டைகள், எதில் யார் என்ன சொன்னார் என்று தெரியாது. அப்போதுதான் ஒரு சீனியர் அண்ணன், "முதல்ல பேப்பர்ல வெட்டுடா" என்றார்.

பேச்சு முழுவதையும் கேட்டு எழுத வேண்டும். நான் முதலில் நல்ல தமிழில் திருத்தித் திருத்தி எழுதினேன். அது தப்பு. எழுதிய வரியைப் படத்தில் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அப்படி யாரும் பேசவில்லை. பிறகு சொன்னது சொன்னபடியே, தயக்கம், சிரிப்பு எல்லாம் குறித்து, ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் பெயரும் நிமிடமும் போட்டு எழுதினேன். "அப்பா 14:20" என்று இருந்தால் அந்த இடத்துக்கு உடனே போய்விடலாம்.

அப்புறம் ஜெராக்ஸ் எடுத்து, வேண்டிய பகுதிகளைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். அறுபத்தொரு துண்டு. ஒவ்வொன்றின் மேலும், இவர் இதில் என்ன சொல்கிறார் என்று ஒரே வரி. எழுத முடியாத துண்டுகளை ஒதுக்கினேன். திண்ணையில் பரப்பி இடம் மாற்றி மாற்றி வைத்தேன். கடிகாரத்தை வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்தால் பத்தொன்பது நிமிடம் வந்தது. எட்டு நிமிடப் படத்தில் தண்ணீர்ச் சத்தத்துக்கும் கல்வெட்டுக் காட்சிக்கும் இரண்டு நிமிடம் போக, பேச்சுக்கு ஆறுதான். ஒரே விஷயத்தை இரண்டு பேர் சொன்னால், நேரில் பார்த்தவரின் துண்டை வைத்தேன். இரண்டு சுற்றில் பன்னிரண்டாகி, பிறகு ஆறாகியது. மிஞ்சியதை ஒரு தாளில் கோந்து போட்டு ஒட்டி, இடது பக்கத்தில் காட்சியும் வலது பக்கத்தில் பேச்சும் வைத்தேன்.

அன்று ராத்திரி அப்பாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். "அந்தக் காலத்துல எல்லாருக்கும் சமமா தண்ணி விட்டாங்க" என்று அவர் சொல்வதோடு படம் முடியும். அப்பா, "நான் அப்படிச் சொல்லலியே" என்றார்.

முழுத்தாளை எடுத்துப் பார்த்தேன். "சமமா தண்ணி விட்டாங்கன்னு சொல்லுவாங்க. நான் பாத்ததில்ல. எங்க தெருப் பக்கம் வரும்போது வாய்க்கால்ல சேறுதான் இருக்கும்." நம் தமிழில் யார் சொன்னது என்பது வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். "ன்னு சொல்லுவாங்க" என்ற வாலை நறுக்கினால், கேள்விப்பட்டது கண்ணால் கண்டதாக மாறிவிடும். தாளில் அது தெரியவே தெரியாது, வரி அழகாகத்தான் இருந்தது. ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டேன். "விட்டாங்க" என்ற இடத்தில் குரல் இறங்கவே இல்லை, இன்னும் ஏதோ வரப்போகிறது என்று தொங்கி நிற்கிறது. பேப்பர் எடிட்டை நம்பிவிடாமல், ஒவ்வொரு துண்டின் தொடக்கத்தையும் முடிவையும் காதால் ஒருமுறை கேட்க வேண்டும் என்று அன்று புரிந்தது.

துண்டை மாற்றியதும் மற்ற துண்டுகளும் இடம் மாறின. வாரியத்துக்கு ஓலையில் பெயர் வர, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயதும், வேதக் கல்வியும் வேண்டும் என்று அதே கல்வெட்டு சொல்வதை ஆசிரியர் பேட்டியில் சொல்லியிருந்தார். பெருமை குறையும் என்று நான் ஒதுக்கிப் போட்ட துண்டு அது. குப்பையிலிருந்து எடுத்து, அப்பாவின் துண்டுக்கு முன்னால் ஒட்டினேன். நிலம் இல்லாத எங்க வீட்டுப் பெயர் எந்தக் குடத்திலும் விழுந்திருக்காது.

அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஒன்றரை நாளில் வெட்டி முடித்தோம். படம் இப்போது சேறு இருக்கும் வாய்க்காலில் முடிகிறது. அப்பா பார்த்துவிட்டு, "ஆமா, இதான் நான் சொன்னது" என்றார்.