மனு நடையில் ஒரு மின்னஞ்சல்

புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் ஆய்வுக்கூட உதவியாளர் வேலை. நேர்காணலுக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுப் பெண், நன்றி சொல்லி அனுப்பவிருந்த மின்னஞ்சலைக் காட்டினாள். "தாங்கள் மனம் வைத்தால் எங்கள் குடும்பமே பிழைக்கும், எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன்" என்று முடிந்தது. மலாயில் எழுதியிருந்தாலும் பழகிய குரல்தான். தோட்டத்துக் கிராணி, ஆட்களுக்காகத் துரைக்கு எழுதிக்கொடுத்த மனுக்களின் குரல். கூரை ஒழுகுகிறது, லீவு வேண்டும் என்பதற்கெல்லாம் அது செல்லும். ஆலை மேலாளர் தருமம் செய்ய உட்கார்ந்திருக்கவில்லை, அவருக்கே ஆள் தேவை. இந்தப் பெண் எண்ணெயை ஒழுங்காகச் சோதிப்பாளா என்பதுதான் அவர் கவலை. "எந்த வேலையும்" என்றால் இந்த வேலையில் தனி நாட்டமில்லை என்றே படும்.

"அப்ப என்னதான் எழுதுறது அங்கிள்?"

"உள்ள என்ன கேட்டாங்கம்மா?"

எண்ணெயில் கட்டற்ற கொழுப்பமிலம் கூடினால் முதலில் எங்கே பார்ப்பாய் என்று கேட்டிருக்கிறார்கள். 5 விழுக்காட்டைத் தாண்டினால் விலையில் அடி விழும். "பழம் லேட்டா வந்திருக்கும்" என்றாளாம். பாதி பதில். அடிபட்ட பழத்திலும் கனிந்து உதிர்ந்த பழத்திலும் உள்ள நொதிதான் எண்ணெயை அமிலமாக்குகிறது, நீராவியில் வெந்ததும் அது செத்துவிடும். ஆகவே பிழிந்தவுடனே எண் கூடியிருந்தால் குறை பெரும்பாலும் பழத்தில். பிழிந்தபோது சரியாக இருந்து, தொட்டியில் கிடந்தபின் ஏறினால் ஈரத்தையும் அழுக்கையும் பார்க்க வேண்டும். இதெல்லாம் அவளுக்குத் தெரியும், பதற்றத்தில் வாயில் வரவில்லை.

அந்த மீதிப் பாதியையே கடிதமாக்கினோம்:

"வணக்கம். நேற்று நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. கொழுப்பமிலம் குறித்த கேள்விக்கு ஒன்று சேர்க்க விரும்புகிறேன்: பிழிந்த இடத்திலும் தொட்டியிலும் தனித்தனியே மாதிரி எடுத்து ஒப்பிடுவேன், குறை பழத்திலா சேமிப்பிலா என்பது அதில் தெரிந்துவிடும். படிப்பின்போது இந்தச் சோதனையை நானே செய்திருக்கிறேன். இரவு ஷிப்ட் உண்டு என்றீர்கள், அது எனக்குச் சம்மதம். இந்த வேலையில் சேர விரும்புகிறேன். சான்றிதழ் ஏதும் தேவைப்பட்டால் அனுப்புகிறேன்."

நேர்காணலுக்கு அழைத்து வந்த மின்னஞ்சலுக்கே பதிலாக, மறுநாள் காலை அலுவலக நேரத்தில் போனது. பொருள் வரி மாறாததால் எந்த வேலை, எந்த ஆள் என்று அவர்கள் தேட வேண்டியதில்லை. சான்றிதழை இப்போதே இணைக்கட்டுமா என்றாள். கேட்காமல் எதற்கு?

வாட்சாப்பிலும் ஒரு வரி தட்டிவிடலாம் என்று அவள் அம்மா சொன்னார். அந்த எண் நேர்காணலுக்கு வழி கேட்கக் கொடுத்தது, இரவு ஒன்பது மணிக்கு அதில் போய் நிற்பதும் மனுதான்.

முடிவு சொல்ல இரண்டு வாரம் ஆகும் என்றிருந்தார்கள். அதுவரை மௌனம். தேதி தாண்டினால் அதே அஞ்சல் தொடரில் "முடிவு எந்த நிலையில் உள்ளது என்று தெரிவிக்க இயலுமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்கலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் மூன்றாவது கடிதம் வேண்டாம். இதற்கிடையில் ஈஜோக் பக்கம் இன்னோர் ஆலைக்கும் விண்ணப்பம் போட்டு வைத்திருக்கிறாள்.