இடைவேளையில் வாசித்த மெட்டு

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்ன மண்டபம். உள்ளூர்ப் பையன்களின் பேண்டு. வயலின், கீபோர்டு, கிடார், மிருதங்கம். முதல் செட் முடிந்ததும் விளக்கைப் போட்டார்கள். பாதிப் பேர் தே தாரிக் குடிக்க எழுந்து போனார்கள். மேடையில், ஏர்கான் குளிரில் சுருதி மாறிப்போன மிருதங்கத்தைக் கல்லால் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார் ஒருவர். சும்மா இருக்க வேண்டாமே என்று வயலின்காரரும் கீபோர்டுக்காரரும் எதையோ வாசிக்கத் தொடங்கினார்கள். துள்ளலான, நடைபோடச் சொல்கிற மெட்டு. வார்த்தை கிடையாது.

நான் எழுந்திருக்கவில்லை. அது என் தாத்தாவின் மெட்டு.

கிள்ளான் வீட்டில் தினமும் காலையில் முகம் மழிக்கும்போது அதைத்தான் முனகுவார். "என்ன பாட்டு தாத்தா?" என்று கேட்டால், "பாட்டு இல்லடா, நோட்டு" என்பார். பத்து வெள்ளி நோட்டு, பள்ளிக்கூட நோட்டு இரண்டும்தான் எனக்குத் தெரியும். கிண்டல் செய்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்த மெட்டைத் தேட எனக்கு வழி தெரியவில்லை. பாட்டின் ஒரு வரி தெரிந்தால் கூகளில் அடிக்கலாம். வரியே இல்லாததை எப்படி அடிப்பது? ஷசாமும் ஏற்கெனவே பதிவான ஒலியோடுதான் ஒப்பிடும். ஒருவரின் முனகல் அதற்குப் பிடிபடாது.

அன்றிரவு கேடிஎம் ரயிலில் கிள்ளான் திரும்பும்போது பேண்டின் பக்கத்துக்கு எழுதினேன்: "அண்ணே, நடுவுல ஒன்னு வாசிச்சீங்களே, சூப்பர். அது என்ன பாட்டு?" மறுநாள் பதில் வந்தது: "நன்றி தம்பி. நடுவுல மூனு நாலு வாசிச்சோமே, எது?"

தப்பு என் மேல்தான். கேட்டவனுக்கு ஒரு மெட்டுதான் நினைவில் நிற்கும். வாசித்தவர்களுக்கு அது கைபோன போக்கில் வந்த பலவற்றில் ஒன்று. மறுபடி எழுதினேன். முதல் செட் முடிந்த உடனே, கிடார் இல்லை, வயலினும் கீபோர்டும் மட்டும், வேகமான நடை, மிருதங்கம் சேர்ந்ததும் நிறுத்திவிட்டீர்கள். கூடவே நானே முனகி, பத்து விநாடி ஒலிப்பதிவும் அனுப்பினேன். என் குரலுக்கு அது பெரிய தியாகம்.

பதில் உடனே வந்தது: "ஓ அதுவா! இங்லீஷ் நோட்டு. வயலின் வாத்தியார் சொல்லிக்கொடுத்தது. வேற பேரு எங்களுக்குத் தெரியாது தம்பி."

வேறு பெயர் உண்மையிலேயே கிடையாது. கர்நாடக இசையில் பாட்டுக்குத் தனியாகத் தலைப்பு வைக்கும் வழக்கம் இல்லை. முதல் சில சொற்களே பெயர். முத்துசுவாமி தீட்சிதர் சென்னைப் பக்கம் இருந்தபோது கம்பெனி பேண்டுகள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருத வரிகள் எழுதினார். நோட்டுஸ்வரங்கள் என்று பெயர். அவற்றில் ஒன்று பிரிட்டிஷ் தேசிய கீத மெட்டில் அமைந்தது. வரிகள் இருப்பதால் அதற்கு 'சந்ததம் பாஹிமாம்' என்று பெயர் கிடைத்துவிட்டது. தாத்தாவின் மெட்டு ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அமைத்தது. கச்சேரிகளில் பாடிப் பரப்பியவர் மதுரை மணி ஐயர். அவர் வெறும் ஸ்வரங்களாகவே பாடினார். முதல் சொல் இல்லாததால் பெயரும் இல்லை. இனத்தின் பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டது.

ஒரு மெட்டு நோட்டா இல்லையா என்று காதே சொல்லிவிடும். ராகம் சங்கராபரணம், ஸ்வர வரிசையைப் பார்த்தால் மேற்கின் மேஜர் ஸ்கேல்தான். ஆனால் சங்கராபரணக் கீர்த்தனையில் ஸ்வரங்கள் அசைந்து, வழுக்கி, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரும். நோட்டில் ஒவ்வொன்றும் பியானோ கட்டை மாதிரி நேராக நிற்கும். அதனால்தான் அசைவுகளை எளிதில் வாசிக்க முடியாத கீபோர்டில்கூட அது குறையில்லாமல் வருகிறது. சுருதி சேரும் வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் சுற்றலாம், எந்தச் சுற்றிலும் நிறுத்தலாம். இடைவேளைக்கென்றே செய்தது போல.

மணி ஐயரின் பதிவைத் தேடிக் கேட்டேன். தாத்தா ஓர் இடத்தில் எப்போதும் சற்று நிறுத்துவார். அது மெட்டிலேயே உள்ள நிறுத்தம் என்று நினைத்திருந்தேன். பதிவில் அப்படி எதுவும் இல்லை. அந்த இடத்தில் அவர் கத்தியைக் கழுவுவார்.

பேண்டுக்குக் கடைசியாக ஒன்று எழுதினேன்: "கிடைச்சிருச்சு அண்ணே. எங்க தாத்தா சரியான பேரத்தான் சொல்லியிருக்காரு."